பாதி மார்க் கிடையாது



போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பெயர் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. ஆனால் நடந்ததை எழுதச் சொல்லிவிட்டாள். உங்கள் வீடுகளிலும் யாராவது ஐ.இ.எல்.டி.எஸ். எழுதத் தயாராகிக்கொண்டிருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சில் இந்தத் தேர்வில் ரீடிங், லிஸனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 கேட்கிறது. ரைட்டிங்கில் 6.5 போதும். இவள் ஒருமுறை எழுதினாள். மற்றதெல்லாம் வந்துவிட்டது, ரீடிங்கில் மட்டும் 6.5. தேர்வுக் கட்டணம் கிட்டத்தட்ட அவளுடைய ஒரு மாதச் சம்பளம். இரண்டாவது முறைக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். "வேகமா படிக்க முடியல டீச்சர், அதான் போச்சு" என்றாள். கோச்சிங் வகுப்பிலும் அப்படித்தான் சொன்னார்களாம்.

நான் வேகத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுத் தாளைக் கொண்டு வரச் சொன்னேன். ரீடிங்கில் மொத்தம் 40 கேள்வி, 60 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு மார்க். 7 வாங்க ஏறக்குறைய 30 சரியாக இருக்க வேண்டும். இவளுக்கு 27 சரி, 13 தப்பு.

அந்தப் பதிமூன்றையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்தோம். பாடத்தில் பதில் எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்காதவை இடது பக்கம். இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தும் மார்க் போனவை வலது பக்கம். வலது பக்கத்தில் ஐந்து வந்தது. அந்த ஐந்தும் ஒரே வகைக் கேள்வி, நம் பள்ளிக்கூடத்துப் பாஷையில் "கோடிட்ட இடத்தை நிரப்புக". 27-உடன் ஐந்து சேர்ந்தால் 32. அவள் தேடிய மூன்று மார்க்கும் அதற்கு மேலும் அங்கேயே கிடந்தன. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏன் போனது என்று காட்ட, பட்டுப்புழு பற்றி ஆங்கிலத்தில் நானே ஒரு சின்னப் பத்தி எழுதினேன். தேர்வில் வருகிற மாதிரியே நான்கு கேள்வி வைத்து, என் தம்பி மகனின் லேப்டாப்பில் அடித்து வைத்தேன். இவள் எழுதப் போவது கம்ப்யூட்டரில் என்பதால் பயிற்சியும் அதிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். மேலே தேர்வில் வருகிற அதே கட்டளை:

`Choose NO MORE THAN TWO WORDS AND/OR A NUMBER from the passage for each answer.`

இதைக் கடகடவென்று படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதற்குள் இரண்டு கட்டளை இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது, வேண்டுமானால் ஒரு எண் சேர்ந்து வரலாம் அல்லது எண் மட்டுமே வரலாம் என்பது ஒன்று. அந்தச் சொற்கள் பாடத்தில் இருப்பவையாகவே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எண்ணிக்கை கேள்விக்குக் கேள்வி மாறும். ஒரு பகுதியில் இரண்டு சொல் என்பார்கள், அடுத்த பகுதியிலேயே ஒரு சொல் மட்டும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு பகுதியிலும் கட்டளையைப் புதிதாகப் படித்தாக வேண்டும்.

அவள் ஐந்து நிமிடத்தில் நான்கையும் முடித்தாள். கேள்விகளையும் அவள் அடித்த பதில்களையும் அப்படியே தருகிறேன்.

முதல் கேள்வி: `Silkworms are fed on ______.`
பாடத்தில் இருந்தது `mulberry leaves`. அவள் அடித்தது `mulbery leaf`.

இரண்டாவது: `The caterpillar sheds its skin ______ times before it spins.`
பாடத்தில் `four times`. அவள் அடித்ததும் `four times`.

மூன்றாவது: `The threads of the cocoon are held together by a ______.`
பாடத்தில் `a natural gum called sericin`. அவள் அடித்தது `a natural gum`.

நான்காவது: `To soften this, the cocoons are placed in ______.`
பாடத்தில் `boiling water`. அவள் அடித்தது `hot water`.

"நாலும் கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர், ஈஸி" என்றாள். கண்டுபிடித்தது உண்மை. நான்கு இடமும் சரியான இடம். நான் நாலுக்குப் பூஜ்யம் போட்டேன்.

அவளுக்கு முகம் மாறிவிட்டது. "அர்த்தம் சரியாத்தானே இருக்கு டீச்சர்? பாதி மார்க்காவது போடக் கூடாதா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் எனக்கே சுருக்கென்றது. பாதி மார்க் என்ற ஒன்றை அவளுக்குப் பழக்கியதே நான்தான். எழுத்துப் பிழை இருந்தாலும் பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கிறது என்று அரை மார்க் போடுவேன். புத்தகத்தில் இருக்கும் சொல்லை விட்டுத் தன் சொல்லில் எழுதினால் சந்தோஷப்பட்டு முழு மார்க்கே போடுவேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அது சரிதான், இப்போதும் அப்படித்தான் செய்வேன். ஆனால் இந்தத் தேர்வில் அரை மார்க் என்பது கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று அல்லது பூஜ்யம். திருத்துகிறவர் கையில் ஏற்றுக்கொள்ளக்கூடிய விடைகளின் பட்டியல் இருக்கும். "பிள்ளை என்ன நினைத்து எழுதியிருப்பாள்" என்று யோசிப்பது அவர் வேலை இல்லை.

நான்கு தப்பும் நான்கு விதம். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் எண்ணிக்கை அங்கேதான் தவறியது. `a natural gum` என்பது மூன்று சொல். `a` ஒற்றை எழுத்தாக இருந்தாலும் ஒரு சொல்தான். இவள் அதை எண்ணவே இல்லை. தமிழில் அப்படி ஒரு சொல் தனியாக நிற்பதில்லை, அதனால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கேள்வியில் கோட்டுக்கு முன்னாலேயே `a` அச்சாகி இருப்பதையும் பார்க்கவில்லை.

பாடத்தில் இருக்கும் சொற்றொடர் அளவுக்கு மேல் நீண்டிருந்தால் எதை வெட்டுவது என்பதற்கு ஒரு வரிசை சொன்னேன். முதலில் `a`, `an`, `the` இவற்றை எடு. அடுத்து, கேள்வி வாக்கியத்திலேயே ஏற்கெனவே இருக்கும் சொல்லை எடு. அதற்கும் அடங்காவிட்டால் பெயரடையை எடு. பெயர்ச்சொல்லை மட்டும் எடுக்காதே. இங்கே `natural gum` என்று இரண்டு சொல்லில் நின்றுவிடுகிறது. இதே கேள்விக்கு `ONE WORD ONLY` என்று போட்டிருந்தால் பெயரடையும் போய் `gum` மட்டும் நிற்கும்.

"ஒரு சொல்னா `sericin` போடலாமே டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கோட்டுக்கு முன்னால் `a` நிற்கிறது. `a sericin` என்று ஆங்கிலத்தில் வராது. வாக்கியமே அந்தப் பதிலைத் தள்ளிவிடுகிறது. இவ்வளவு வெட்டியும் அளவுக்குள் வராவிட்டால் பெரும்பாலும் நாம் நிற்கிற இடமே தப்பு, பக்கத்து வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். அந்த வகையில் சொல் வரம்பும் ஒரு துப்புதான்.

கோடு போட்டுச் சேர்த்த சொல்லை எப்படி எண்ணுவது என்ற சந்தேகமும் அவளுக்கு இருந்தது. `silk-reeling machines` என்றால் இரண்டு சொல். நடுவில் சிறு கோடு இருந்தால் அது ஒரே சொல்லாகக் கணக்கு. பாடத்தில் கோடு இருந்தால் நாமும் கோட்டோடு எழுத வேண்டும்.

இரண்டாவது கேள்வி வேறு மாதிரி. `four times` இரண்டு சொல்தான், வரம்புக்குள்தான் இருக்கிறது, பாடத்தில் இருந்ததுதான். ஆனாலும் தப்பு. கோட்டுக்குப் பின்னால் `times` ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. இவள் பதிலைப் போட்டு வாசித்தால் `four times times` என்று வரும். `four` அல்லது `4` மட்டும் போட்டிருக்க வேண்டும். எண்ணை எழுத்தாலும் எழுதலாம், இலக்கமாகவும் எழுதலாம். இலக்கத்தில் எழுத்துப் பிழை வராது என்பதால் இலக்கமே போடு என்றேன். வரம்புக்குள் இருந்தால் மட்டும் பதில் சரியாகிவிடாது என்பதற்கு இந்தக் கேள்வி போதும். பதிலைப் போட்டபின் முழு வாக்கியத்தையும் ஒருமுறை மனதுக்குள் வாசித்தே ஆக வேண்டும்.

நான்காவதில் `hot water` என்று தன் சொல்லைப் போட்டாள். கொதிக்கிற நீர் சூடான நீர்தானே என்பது அவள் நியாயம். ஆனால் கட்டளையில் "பாடத்திலிருந்து" என்று இருக்கிறது. இந்த வகைக் கேள்வியில் கேள்வி வாக்கியம் பாடத்தின் கருத்தை வேறு சொற்களில் மாற்றிச் சொல்லும். பாடத்தில் கூட்டைக் கொதிநீரில் போடுகிறார்கள் என்பதற்கு `dropped into` என்று எழுதியிருந்தேன். கேள்வியில் அதை `placed in` என்று மாற்றினேன். மாற்றிச் சொல்வது கேள்வி எழுதுகிறவர் வேலை. கோட்டில் வருவது மட்டும் மாறாமல் பாடத்தில் இருந்தபடியே வர வேண்டும். இவள் நர்ஸ் அல்லவா, அவள் பாஷையிலேயே சொன்னேன்: "டாக்டர் சீட்டில் எழுதின மருந்துக்குப் பதிலா அதே மாதிரி வேற மருந்தை நீயா எடுத்துக் கொடுப்பியா?" சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தப்பு வரவில்லை.

கடைசியாக வைத்தது முதல் கேள்வி. அதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. `mulbery leaf`. ஒரு `r` குறைகிறது, `leaves` ஒருமையாகிவிட்டது. விடை திரையில் இடது பக்கம் கண்ணெதிரே இருக்கிறது. பார்த்து எழுதுவதில் எப்படித் தப்பு வரும் என்று கேட்பீர்கள். அவள் பார்த்து எழுதவில்லை என்பதுதான் விஷயம்.

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். பாடத்தில் சொல்லைப் பார்த்தாள், வாய்க்குள் "மல்பெரி" என்று சொல்லிக்கொண்டாள், பிறகு விசைப்பலகையைப் பார்த்து அந்த ஒலியை அடித்தாள். மறுபடி திரையில் பாடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதாவது அவள் செய்தது காப்பி இல்லை, டிக்டேஷன். தனக்குத் தானே சொல்லி எழுதிக்கொண்டாள். ஆங்கிலத்தில் காதுக்கு ஒரு `r`-உம் இரண்டு `r`-உம் ஒன்றுதான். `environment` என்ற சொல்லில் நடுவில் இருக்கும் `n` காதில் சரியாக விழுவதே இல்லை. தமிழில் ஒற்றை எழுத்துக்கும் இரட்டித்த எழுத்துக்கும் ஒலியே வேறு, "படு" வேறு "பட்டு" வேறு. நம் காதை நம்பி எழுதிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் இரட்டை எழுத்தும் ஒலிக்காத எழுத்தும் விழுந்துவிடும்.

பன்மை விழுவதற்கும் நம் மொழிப் பழக்கம்தான் காரணம். "பத்து மரம் வெட்டினார்கள்", "ஆட்டுக்கு இலை போட்டேன்" என்று இயல்பாகச் சொல்கிறோம். "கள்" போடாவிட்டாலும் நமக்குப் பன்மை புரிந்துவிடும். அதனால் `leaves` என்று கண் பார்த்தாலும் மனது "இலை" என்று எடுத்துக்கொள்கிறது, கை `leaf` என்று அடிக்கிறது. பாடத்தில் `s` இருந்தால் பதிலிலும் `s` இருக்க வேண்டும்.

இதற்கு நான் கொடுத்தது இரண்டாம் வகுப்பு வைத்தியம். நாலு கோடு நோட்டில் பார்த்து எழுதச் சொல்லும்போது பிள்ளைகள் கரும்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு வரி முழுவதையும் ஞாபகத்தில் எழுதிவிடுவார்கள். "நாலு எழுத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கு" என்று அதட்டுவேன். இவளுக்கும் அதேதான். `mul` அடி, பாடத்தைப் பார். `berry` அடி, பாடத்தைப் பார். அடித்து முடித்தபின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பாடத்தோடு ஒப்பிடு. பின்னாலிருந்து வந்தால் வாய் அந்தச் சொல்லை உச்சரிக்க முடியாது. அதனால் காது குறுக்கே வராது, கண் மட்டும் வேலை செய்யும். இரட்டை எழுத்தும் கடைசி `s`-உம் அப்போதுதான் பிடிபடும்.

கம்ப்யூட்டரில்தானே எழுதுகிறோம், தப்பு இருந்தால் கீழே சிவப்புக் கோடு வரும் என்று நினைத்திருந்தாள். தேர்வுத் திரையில் அது வராது. பிரிட்டிஷ் எழுத்தா அமெரிக்க எழுத்தா என்ற கவலை வேண்டாம், இரண்டையும் ஏற்கிறார்கள். பாடத்தில் இருப்பதை அப்படியே எடுத்தால் அந்தக் கேள்வியே எழாது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தாலும் மார்க் போகாது. தாளில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரீடிங்கில் விடைத்தாளுக்கு மாற்றி எழுதத் தனி நேரம் தரமாட்டார்கள். கேள்வித்தாளில் எழுதி, பிறகு அவசரமாக மாற்றினால் இரண்டுமுறை காப்பி ஆகிறது, பிழைக்கும் இரண்டு வாய்ப்பு. நேராக விடைத்தாளிலேயே எழுதிவிடுங்கள்.

ஆக, ஒவ்வொரு கோடிட்ட இடத்துக்கும் மூன்று வேலை வைத்தோம். சொற்களை விரலால் எண்ணு. வாக்கியத்தில் பொருத்தி முழுதாக வாசி. பின்னாலிருந்து எழுத்து பார். பழகியபின் மூன்றும் சேர்ந்து பத்து விநாடிதான் ஆனது. ஆறு கேள்வி வந்தால் ஒரு நிமிடம். கடைசியில் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. அப்போது பாடத்தில் எந்த வரி என்பதே மறந்திருக்கும், மறுபடி தேட வேண்டும். பதிலைக் கண்டுபிடித்த உடனே, அந்த வரி கண்முன் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இடது பத்தியில் இருந்த எட்டுக்கு இது மருந்தில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். இடமே தெரியாத கேள்விக்கு எழுத்தை எண்ணி என்ன பயன்? அதற்குப் படித்துத்தான் தீர வேண்டும். அதை அவள் தனியாகச் செய்தாள்.

மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், நைட் டியூட்டி முடிந்து வந்து உட்காருவாள். ஒவ்வொரு மாதிரித் தேர்வு முடிந்ததும் அதே இரண்டு பத்தி போட்டோம். இரண்டாவது தேர்வில் வலது பத்தி மூன்றாகக் குறைந்தது. மூன்றும் பன்மை `s`. நான்காவது தேர்வில் ஒன்று. ஐந்தாவதில் அந்தப் பக்கம் காலி.

போன வியாழக்கிழமை ரிசல்ட். ரீடிங் 7. ஒரு இம்மியும் கூடுதல் இல்லை, சரியாக 7. போனில் சொல்லிவிட்டு அழுதாள். பிறகு, "டீச்சர், அஞ்சாம் கிளாஸ்ல பாதி மார்க் போட்டதுக்குத் திட்டவா, நன்றி சொல்லவா?" என்று கேட்டாள். இரண்டையும் சொல்லு என்றேன்.

உங்கள் வீட்டில் யாராவது "ரீடிங் மட்டும் வரமாட்டேங்குது" என்று சொன்னால், முதலில் அந்தத் தாளை வாங்கி நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்துப் பாருங்கள். வலது பக்கம் எத்தனை வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்